கூட்ட அழைப்பின் கடைசி வரி

பால் உற்பத்தியாளர் சங்கத்தின் ஆண்டுப் பேரவையில், தலைவர் நிர்வாகக் குழுவினரை அறிமுகப்படுத்திவிட்டுப் பொருள் நிரலைப் படிப்பார். சென்ற கூட்ட நடவடிக்கை, தணிக்கை அறிக்கை, லாபப் பிரிவினை, வரவு செலவுத் திட்டம் என்று போய், ‘தலைவர் அனுமதிக்கும் இதர பொருள்கள்’ என்று முடியும். கவனம் தேவைப்படுவது அந்தக் கடைசி வரியில்தான்.

குழுவில் இருக்கும் ஒருவருடைய உறவினரின் மனையை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கும் தீர்மானம் அதில் நுழைந்தால், பாதிப்பேர் கறவைக்குக் கிளம்பிய பிறகு சத்தமில்லாமல் நிறைவேறிவிடும். 100 உறுப்பினர் உள்ள சங்கத்தில், ஆளுக்குச் சராசரியாக 2,000 ரூபாய் போனஸ் போய்விடும்.

நிரலைப் படிக்கும்போதே எழுந்து, “இதர பொருள்ல என்னென்ன இருக்கு, தலைவரே?” என்று கேட்க வேண்டும். பதிலை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும். அழைப்பில் இல்லாத பெரிய செலவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கக் கோரலாம்.