வாடகைக்கு ஒரு பாஸ்புக்!

திருமங்கலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நம்ம தம்பி ஒருத்தன் பல்லெல்லாம் தெரியச் சொன்னான்: ‘‘அண்ணே, ஒருத்தர் என் அக்கவுன்ட்டை ஒரு மாசத்துக்குக் கேக்கறாரு. ஏ.டி.எம். கார்டும் சிம்மும் குடுத்தாப் போதும். வர்ற பணத்துல நூத்துக்கு ரெண்டு ரூபா கமிஷன்!’’

பி.காம். படித்த தோஷம், கணக்குப் போட்டேன். ‘‘அஞ்சு லட்சம் வந்தா உனக்குப் பத்தாயிரம். அது எங்கேயோ ஏமாந்த ஒரு பெரியவரோட பணமா இருந்தா? அவர் சைபர் மோசடிக்கான 1930 நம்பருக்குப் போன் போட்டதும், பணம் முதல்ல எந்த அக்கவுன்ட்டுக்குப் போச்சுன்னுதான் பார்ப்பாங்க. அங்கே இருக்கறது உன் பேரு, உன் ஆதார். அக்கவுன்ட் முடங்கும். கேஸ் பத்தாயிரத்துக்கு இல்லே, அஞ்சு லட்சத்துக்கு!’’

‘‘எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுவேண்ணே.’’

‘‘பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவுல, ஏமாத்தி வாங்கின பணமும் திருட்டுச் சொத்துதான். திருட்டுன்னு தெரிஞ்சு வாங்கினா மட்டுமில்லே, அப்படி நினைக்கக் காரணம் இருந்தும் வாங்கினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். ‘சும்மா இருந்தவனுக்கு எதுக்குய்யா பத்தாயிரம்?’னு கேட்டா என்ன சொல்லுவே? உன் கமிஷனே உனக்கு எதிர் சாட்சி!’’

தம்பி கிளாஸைக் கீழே வைத்தான். ‘‘கார்டை நேத்தே குடுத்துட்டேண்ணே...’’

பேங்க்குக்கு ஓடி, கார்டை முடக்கி, நடந்ததை எழுதிக் கொடுத்தோம். அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். அவன் போனில் அந்த ஆள் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்க விடவில்லை.

டீக்காசு? என் கணக்கில்தான்!