ஒரே பெயர், இரண்டு கணக்கு: அப்ஜதும் கால்டியனும் மணப்பொருத்தத்தில் வேறுபடுவது ஏன்?



சம்பந்தம் பேசும் வீடுகளிலிருந்து நம்மிடம் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. மாப்பிள்ளை, பெண் இருவரின் பெயரையும் அரபியில் எழுதி அப்ஜத் கணக்குப் பார்த்தால் பொருந்துகிறது. அதே பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதி, எண் கணிதக்காரர்கள் சொல்லும் கால்டியன் முறையில் கூட்டினால் பொருந்தவில்லை. இவ்விரண்டில் எதை ஏற்பது? கேட்போரில் சிலர் விடையையும் தாமே சொல்லிவிடுகின்றனர்: "அப்ஜத் குர்ஆனின் எழுத்துகளால் ஆனது, நம்முடையது, மற்றது பிறருடையது. ஆகவே அப்ஜதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்."

நல்லதொரு வரனை வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் அளவுக்கு இந்தக் கணக்கு செல்வாக்குப் பெற்றுவிட்டதால், இதைத் திறந்து பார்ப்பது அவசியமாகிறது. இவ்விரு கணக்குகளும் இரண்டு தனித்தனி அறிவுகள் அல்ல. ஒரே வேரிலிருந்து வந்தவை. அவை முரண்படும் இடமெல்லாம் எழுத்துக்கூட்டலின் வேறுபாடே தவிர, அந்த மனிதர்களைப் பற்றிய வேறுபாடு அன்று. இதுவே நமது கருத்து.

முதலில் அப்ஜத். அரபி எழுத்துகளை நாம் மக்தபில் ஓதும் அலிஃப், பா, தா வரிசைக்கு மாறாக, அலிஃப், பா, ஜீம், தால் என்ற பழைய வரிசையில் அடுக்கி, முதல் ஒன்பதுக்கு 1 முதல் 9 வரையும், அடுத்த ஒன்பதுக்கு 10 முதல் 90 வரையும், அதற்கடுத்த ஒன்பதுக்கு 100 முதல் 900 வரையும், கடைசி எழுத்தான கைனுக்கு 1000 என்றும் மதிப்பிடுவதே அம்முறை. இந்த வரிசை இஸ்லாத்துக்கு முற்பட்டது. யூதர்களின் ஹீப்ரு எழுத்துகளும் சிரியாக் எழுத்துகளும் இதே வரிசையில், 400 வரை இதே மதிப்புகளைக் கொண்டுள்ளன. அவற்றில் 22 எழுத்துகளே உண்டு. அரபிக்கு மட்டும் உரிய ஆறு எழுத்துகள் பின்னர் 500 முதல் 1000 வரை சேர்க்கப்பட்டன.

இம்முறையை முஸ்லிம்கள் ஆகுமான காரியங்களுக்குப் பயன்படுத்தி வந்துள்ளனர். வானவியல் அட்டவணைகளில் எண்களை இவ்வெழுத்துகளாலேயே எழுதினார்கள். ஒருவர் மறைந்த ஆண்டையோ பள்ளிவாசல் கட்டிய ஆண்டையோ ஒரு சொற்றொடருக்குள் பொதித்துப் பாடினார்கள். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளைக் கூட்டி 786 என்று கடிதத்தின் தலைப்பில் இடும் வழக்கமும் இதிலிருந்து வந்ததுதான். எண்ணைக் குறிப்பது வேறு. எண்ணிலிருந்து மறைவானதை அறிவது வேறு. நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

இனி கால்டியன் முறை. இன்று கடைகளிலும் நாளிதழ்களிலும் காணும் வடிவத்தைப் பரவச் செய்தவர் அயர்லாந்தில் 1866 இல் பிறந்த, கீரோ என்ற புனைபெயரால் அறியப்பட்ட கைரேகை நிபுணர். இதில் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மட்டுமே மதிப்பு உண்டு. 9 எந்த எழுத்துக்கும் இல்லை. 9 புனிதமானது, ஆகவே விலக்கப்பட்டது என்று அதைக் கையாள்வோர் விளக்கம் தருவர்.

ஆனால் அப்ஜத் தெரிந்தவர் அந்த அட்டவணையைப் பார்த்தால் வேறொன்றைக் காண்பார். ‘கே’ எழுத்துக்கு 2. நமது காஃபுக்கு 20. ‘எல்’ எழுத்துக்கு 3, லாமுக்கு 30. ‘எம்’ 4, மீம் 40. ‘என்’ 5, நூன் 50. ‘ஆர்’ 2, ரா 200. ‘கியூ’ 1, காஃப் எனப்படும் வல்லெழுத்து 100. பூஜ்யங்களை நீக்கிவிட்டால் இரண்டும் ஒன்றே. ‘எக்ஸ்’ போன்ற ஓரிரு விலக்குகள் தவிர, அட்டவணை பெரும்பாலும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. 9 இல்லாமற் போனதன் காரணமும் இங்கேயே விளங்குகிறது. அப்ஜதில் 9, 90, 900 ஆகிய மதிப்புகளை உடையவை முறையே தடித்த தோ (فாத்திமாவில் வரும் எழுத்து), ஸாத், ளோ ஆகியவை. இம்மூன்று ஒலிகளுக்கும் ஆங்கிலத்தில் நேரான எழுத்தே கிடையாது. எழுத்து இல்லாத இடத்தில் எண்ணும் இல்லை, அவ்வளவே.

ஆக, இரண்டும் உறவுக் கணக்குகள் என்றால், முடிவுகள் ஏன் மாறுகின்றன? கரீம், ஃபாத்திமா என்ற இரு பெயர்களை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். எந்தக் குடும்பத்தையும் குறிப்பன அல்ல. நம்மிடையே மிகப் பரவலான பெயர்கள் என்பதால் எடுத்தோம். விதிகள் நூலுக்கு நூல் மாறும். எளிய விதி ஒன்றை வைத்துக்கொள்வோம்: ஒவ்வொரு பெயரின் மொத்தத்தையும் ஒன்பது ஒன்பதாகக் கழிக்க வேண்டும்; மீதமில்லையேல் 9 என்று கொள்ள வேண்டும்; இருவருக்கும் ஒரே எண் வந்தால் பொருத்தம்.

அரபியில் கரீம் என்பது காஃப் 20, ரா 200, யா 10, மீம் 40, மொத்தம் 270. ஒன்பதால் மீதமின்றி வகுபடுவதால் எண் 9. ஆங்கிலத்தில் கே 2, ஏ 1, ஆர் 2, ஐ 1, எம் 4. மொத்தம் 10, எண் 1. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கே, ஆர், ஐ, எம் நான்கும் காஃப், ரா, யா, மீமோடு அப்படியே ஒத்துப்போகின்றன. மிஞ்சுவது ‘ஏ’ ஒன்றுதான். அது காஃபின் மேல் உள்ள ஃபதஹா. அரபியில் குறில் உயிர் எழுத்தாக எழுதப்படுவதில்லை, ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. ஒரு மனிதர் 9 என்ற இயல்பிலிருந்து 1 என்ற இயல்புக்கு மாறியதற்கு முழுக் காரணம் ஒரு ஃபதஹா.

ஃபாத்திமாவில் இன்னும் தெளிவு. அரபியில் ஃபா 80, அலிஃப் 1, தோ 9, மீம் 40, இறுதியில் தா மர்பூதா. இந்தத் தா மர்பூதாவை எப்படி எண்ணுவது? வடிவத்தைப் பார்த்து ஹா என்று கொண்டால் 5. ஒலியைப் பார்த்துத் தா என்று கொண்டால் 400. முதல் வழியில் மொத்தம் 135, எண் 9. இரண்டாம் வழியில் மொத்தம் 530, எண் 8. அதாவது முதல் வழியில் கரீமும் ஃபாத்திமாவும் 9க்கு 9 எனப் பொருந்துகின்றனர். இரண்டாம் வழியில் 9க்கு 8 எனப் பொருந்தாமற் போகின்றனர்.

ஆங்கிலத்தில் எஃப் 8, ஏ 1, டி 4, ஐ 1, எம் 4, ஏ 1 என்று எழுதினால் மொத்தம் 19; 1+9=10, எண் 1. கரீமின் எண்ணும் 1. பொருத்தம்! ஆனால் தமிழகத்திலும் இலங்கையிலும் இப்பெயரில் டி எழுத்துக்குப் பின் ‘எச்’ சேர்த்து எழுதுவதே வழக்கம். எச் எழுத்துக்கு 5. மொத்தம் 24, எண் 6. பொருத்தம் போயிற்று. பிறப்புச் சான்றிதழ் எழுதியவரின் பழக்கம் ஒரு நிக்காஹைத் தீர்மானிப்பதாக ஆகிவிடுகிறது.

கவனிக்க வேண்டியது இதுதான். "அப்ஜத் பொருந்துகிறது, கால்டியன் பொருந்தவில்லை" என்பதுகூடச் சரியான பேச்சு அன்று. இரண்டு முறைகளிலுமே ஒரு வழியில் எழுதினால் பொருந்துகிறது, மறு வழியில் எழுதினால் பொருந்தவில்லை. அப்ஜதுக்குள்ளேயே கிழக்கு, மேற்கு என இரு மரபுகளும் உண்டு. மக்ரிப் நாடுகளில் ஆறு எழுத்துகளின் மதிப்பு வேறு. ஸாலிஹ் என்ற பெயர் கிழக்கு மரபில் 129, அங்கே ஸாதுக்கு 60 என்பதால் 99. ஒருவரே மதீனாவில் 3, மொராக்கோவில் 9. அவர் விமானத்தில் ஏறி இறங்கியதால் அவருடைய குணமா மாறும்?

பெயரின் எழுத்தை மாற்றிப் பலன் தேடுவோருக்கும் ஒரு சொல். கரீமில் ஐ எழுத்தை எடுத்துவிட்டு இரண்டு ‘ஈ’ போடுமாறு சொல்லப்படுவதுண்டு. ‘ஈ’ எழுத்துக்கு 5. இரண்டு சேர்ந்தால் 10, அதாவது மீண்டும் 1. மொத்தம் 10லிருந்து 19 ஆகுமே ஒழிய, இறுதி எண் மாறவில்லை. மாறுவது கடவுச்சீட்டும் வங்கிக் கணக்கும்தான்.

இரு பெயர்களை ஒன்பதால் கழித்து ஒப்பிடும் இவ்வழக்கம் புதிதன்று. இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் தம் முகத்திமாவில் ‘ஹிஸாபுன் நீம்’ என்ற பெயரில் இதை விவரித்துள்ளார்கள். அங்கே ஒப்பிடப்படுவோர் மணமக்கள் அல்லர். போரிடும் இரு அரசர்கள். ஒருவர் எண் ஒற்றைப்படை, மற்றவர் எண் இரட்டைப்படை என்றால் பெரிய எண்ணுக்கு உரியவர் வெல்வார். இரண்டும் ஒரே வகையானால் சிறிய எண்ணுக்கு உரியவர் வெல்வார் என்பது அதன் விதி. அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கிய ஒரு நூலில் இது காணப்படுவதைச் சொல்லி, அந்நூல் அவருடையதன்று என்பதையும், அதில் உள்ளவை ஆதாரத்துக்குத் தொலைவானவை என்பதையும் அவர்கள் சேர்த்தே பதிவுசெய்தார்கள். யார் வெல்வார் என்று பார்க்கப் புனைந்த கணக்கின் சாயலை, யாரோடு வாழ்வது என்று பார்க்க நாம் எடுத்துவந்திருக்கிறோம்.

மார்க்கத்தின் நிலை மறைவானதன்று. மறைவானவற்றை அல்லாஹ் ஒருவனே அறிவான். நபி (ஸல்) அவர்கள் சகுனம் பார்ப்பதை மறுத்தார்கள். குறி சொல்பவரிடம் சென்று கேட்பதைக் கடுமையாக எச்சரித்தார்கள். அப்ஜத் எழுத்துகளையும் நட்சத்திரங்களையும் கொண்டு மறைவானதைத் தேடுவோரை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கண்டித்த செய்தியும் பதிவாகியுள்ளது. கண்டிக்கப்பட்டது அப்ஜதேதான் என்பதை, "அது நம்முடையது" என்போர் நினைவில் கொள்ளட்டும். எழுத்து அரபியாக இருப்பதால் குறி பார்த்தல் மார்க்கமாகிவிடாது. ஓர் எண்ணுக்காக வரனைத் திருப்புவது, காகம் கத்தியதற்காகப் பயணத்தைத் திருப்புவதே.

இதில் பெரும்பாலும் பாதிக்கப்படுவது பெண்ணே. பொருந்தாத எண் என்று ஒருமுறை பேச்சு எழுந்துவிட்டால், நிக்காஹ் நடந்த பின்னும் வீட்டில் நேரும் ஒவ்வொரு நட்டத்துக்கும் நோய்க்கும் அந்த எண் நினைவூட்டப்படுகிறது. அவள் செய்த குற்றம், தன் பெயரின் நடுவே ஓர் ‘எச்’ இருந்தது.

ஆகவே, அப்ஜதா கால்டியனா என்று கேட்கும் பெற்றோருக்கு நமது விடை: இரண்டும் வேண்டாம். மாப்பிள்ளையின் தீனையும் குணத்தையும் அவர் தொழும் பள்ளியில் விசாரியுங்கள். கடனையும் வருவாயையும் நேராகக் கேளுங்கள். பெண்ணின் சம்மதத்தை அவள் வாயால் அறியுங்கள். பிறகு இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா துஆவை ஓதுங்கள். அந்த துஆவில் நாம் அல்லாஹ்விடம் சொல்வது, நீ அறிவாய், நாங்கள் அறியோம் என்பதே. அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து வந்து, எங்களுக்குத் தெரியும், எண் 6 என்று சொல்வது முறையாகாது.

வஸ்ஸலாம்.