vphhkf என்றால் வணக்கம்



போன வாரம் நம் எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே vphhkf என்று நான் போட்டதைப் பார்த்து, "சார், உங்க போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க, எந்த லிங்க்கையும் தொடாதீங்க" என்று நான்கு பேர் பதறிவிட்டீர்கள். அருப்புக்கோட்டையில் இருக்கும் அக்கா போன் போட்டே கேட்டுவிட்டார். யாரும் ஹேக் செய்யவில்லை. நான் "வணக்கம்" என்றுதான் அடித்தேன்.

லேப்டாப், போன், டேப் மூன்றுக்கும் சேர்த்து ஒரே புளூடூத் கீபோர்டு வைத்திருக்கிறேன். லாஜிடெக் கே380 மாதிரியான கீபோர்டுகளில் F1, F2, F3 விசைகளே அந்த மூன்று கருவிகளுக்கும் வாசல். ஒரு விசையை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் அதன் விளக்கு வேகமாகச் சிமிட்டும். அப்போது கருவியின் புளூடூத் பட்டியலில் கீபோர்டின் பெயரைத் தொட வேண்டும். சில சமயம் திரையில் ஒரு எண் வரும், அதைக் கீபோர்டில் அடித்து என்டர் தட்டினால் இணைந்துவிடும். அதற்குப் பிறகு அந்த விசையை லேசாகத் தட்டினாலே அந்தக் கருவிக்குப் போய்விடும்.

தட்டுவதும் அழுத்திப் பிடிப்பதும் ஒன்றல்ல என்பதை என் பேத்தி எனக்குப் புரியவைத்தாள். விடுமுறைக்கு வந்தவள் லேப்டாப்பின் வாசலான ஒன்றை அழுத்திப் பிடித்துத் தன் அம்மாவின் போனை அதில் சேர்த்துவிட்டாள். ஒரு வாசலில் ஒரு கருவிதான். புதியது வந்ததும் பழையது வெளியே போய்விட்டது. லேப்டாப்பில் கீபோர்டின் பெயர் இருக்கிறது, ஆனால் எழுத்து விழவில்லை. அந்தப் பெயரை லேப்டாப்பிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்த்த பிறகுதான் சரியானது. பாட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கடைக்குப் போய் வந்ததுதான் மிச்சம்.

இப்போது vphhkf கதைக்கு வருகிறேன். கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எந்த விசை அழுந்தியது என்று மட்டும்தான் அது சொல்லும். அதை எழுத்தாக்குவது எதிரே இருக்கும் கருவி. நான் 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 முறையில் அடிப்பவன். அதில் v வ, p ண, h இரண்டு தடவை க்க, k ம, f புள்ளி. லேப்டாப்பில் தமிழ் 99 சேர்த்திருக்கிறேன், அங்கே வணக்கம் வரும். போனில் வெளிக் கீபோர்டுக்கான மொழி ஆங்கிலமாகவே கிடந்தது, அதனால் அதே விரல்கள் அங்கே vphhkf என்று எழுதின. போன் திரையில் தோன்றும் கீபோர்டில் தமிழ் இருந்தால் மட்டும் போதாது. அந்தச் செயலி வெளிக் கீபோர்டுக்கும் தமிழ் 99 தருகிறதா என்று பார்த்து, அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்து நடந்தது அப்படியல்ல. பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்க்க லேப்டாப்பில் வங்கிப் பக்கத்தைத் திறந்தேன். கண் லேப்டாப்பில், கீபோர்டு இரண்டாம் வாசலில். போனில் நம் குழு திறந்தே கிடந்தது. கடவுச்சொல்லை அடித்து என்டரும் தட்டிவிட்டேன். வங்கிப் பக்கத்தில் அது புள்ளிகளாக மறைந்திருக்கும், குழுவில் பட்டவர்த்தனமாக விழுந்தது. உடனே அழித்தேன், கடவுச்சொல்லையும் மாற்றினேன். பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்தீர்கள், நன்றி.

இந்த வகைக் கீபோர்டுகள் பலவற்றில் எந்த வாசல் என்று காட்டும் விளக்கு சில விநாடிகளில் அணைந்துவிடும். எந்நேரமும் எரிந்தால் பாட்டரி தாங்காது என்பது நியாயம்தான். ஆனால் கரும்பலகையில் எழுதிப் பழகியவனுக்கு, எதில் எழுதுகிறோம் என்று கைக்குத் தெரியாமல் எழுதுவது பெரிய கோளாறாகப் படுகிறது. ஆகவே இப்போது கடவுச்சொல்லுக்கு முன்னால் எப்போதும் F1-ஐ ஒரு தட்டு தட்டுகிறேன். ஏற்கெனவே லேப்டாப்பில் இருந்தாலும் கெடுதல் இல்லை. தட்டியபின் ஓரிரு விநாடி பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் எழுத்து விழுங்கப்படும். பெயர்ப் பெட்டியில் முதலில் என் பெயரை அடித்து, அது அங்கே விழுகிறதா என்று பார்த்தபின்தான் கடவுச்சொல்.

"இப்பல்லாம் பேசினாலே எழுதுது, கீபோர்டு எதுக்கு மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறேன், நான் வாயால் சொன்னால் அது கேட்டு எழுதும் பெயர்களில் பாதி நம் ஊரில் இல்லை. மூன்று கருவிக்கு மூன்று கீபோர்டு வாங்குவதும் வீண். ஒன்றே போதும் என்பதுதான் இன்னமும் என் கட்சி.

என் மனக்குறை உங்களிடம்தான். அப்பா அம்மாவுக்கு இதை வாங்கி, லேப்டாப்பில் மட்டும் தமிழைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு அன்று இரவே சென்னைக்குப் பஸ் ஏறுகிறீர்கள். மூன்று கருவியிலும் "வணக்கம்" அடித்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள். விசைகளுக்கு மேலே 'லேப்டாப்', 'போன்', 'டேப்' என்று சீட்டும் ஒட்டிவிடுங்கள். என் கீபோர்டில் பேத்தி ஒட்டியிருக்கிறாள், 'டேப்' என்பதில் கொம்பு தலைகீழாக இருக்கிறது, நான் திருத்தவில்லை.