இரவல் வாங்கினது டிராக்டரை இல்ல, ஈரத்தை

இந்த ஐப்பசியில நல்ல மழை பெஞ்சு மூணாம் நாள் காடு பதத்துக்கு வந்துச்சு. மண்ணை அள்ளி அமுக்கினா கையில ஒட்டல, கீழ போட்டா உதிர்ந்துச்சு. வாடகைக்குச் சொல்லி வச்ச டிராக்டர் அன்னிக்கு வரல. கரிசல்ல அந்தப் பதம் ரெண்டு மூணு நாள்தான் நிக்கும். அப்புறம் மேல் மண் இறுகிப் போச்சுன்னா விதை முளைக்காது.

பக்கத்துப் பிஞ்சை அண்ணாச்சிகிட்ட போய் நின்னேன். அவருக்கே ரெண்டு ஏக்கர் பாக்கி கிடந்துச்சு. "மொதல்ல உன் காட்டை முடி, தம்பி" என்று ஒன்பது கொத்துக் கலப்பையோட டிராக்டரை அனுப்பிட்டார். நாலு ஏக்கர் உளுந்து விதைச்சு முடிக்கப் பொழுது சாஞ்சிருச்சு.

டேங்கில 20 லிட்டர் டீசல் ஊத்தினேன். கலப்பையில ஒட்டின மண்ணைச் சுரண்டினப்ப, ஒரு கொழு வளைஞ்சிருந்தது தெரிஞ்சுச்சு. அவர் பாக்கிறதுக்கு முந்தியே சொல்லிட்டு, புதுசு வாங்கி மாட்டிக் கொடுத்தேன். வாடகைன்னு பணம் நீட்டினேன். வாங்கல.

பலரும் இதோட கணக்கு முடிஞ்சதுன்னு நினைப்பாங்க. எனக்கு அப்படித் தோணல. டீசலும் கொழுவும் நான் அழிச்ச பொருளுக்கு ஈடு, அவ்வளவுதான். அவர் கொடுத்தது அவரோட ஒரு நாள் ஈரம். மறுநாள்தான் அவர் விதைச்சார். பள்ளத்துல பயிர் நல்லா வந்துச்சு. மேட்டுப் பக்கம் காய்ஞ்சிருந்ததால அங்கங்க முளைக்கல. அந்த நஷ்டத்துல எனக்குப் பங்கு உண்டு.

அதனால மிச்சம் இருந்த விதையில 4 கிலோ கொண்டுபோய், அடுத்த மழை ஈரத்துல நானும் வீட்டுக்காரியும் அந்த இடங்கள்ல ஊன்றிக் கொடுத்தோம். இன்னொண்ணும் சொல்லி வச்சிருக்கேன்: "உங்க உளுந்து களத்துக்கு வர்ற அன்னிக்கு, எங்க வேலை கிடந்தாலும் ரெண்டு ஆளும் தார்ப்பாயும் வரும், அண்ணாச்சி." தை மாசம் களத்துல கிடக்கும்போது மழை விழுந்து நனைஞ்சா உளுந்து கெட்டுப் போகும். ஆள் தேவைப்படுறது அன்னிக்குத்தான். நமக்கு ஓய்வா இருக்கிற நாள்ல போய் வேலை செஞ்சா அது பதில் உதவி ஆகாது.

நான் சின்னப் பையனா இருந்தப்ப, ஒத்தை மாட்டுக்காரங்க ரெண்டு பேர் சேர்ந்து ஏர் பூட்டுவாங்க. இந்த மழைக்கு ஒருத்தர் காடு முதல்ல, அடுத்த மழைக்கு மத்தவர் காடு முதல்ல. மாடு போய் டிராக்டர் வந்தாலும் அந்த முறை சரிதான். வர்ற வருசம் முதல் பதத்துல அவர் காடு முடிஞ்ச பிறகுதான் என் காட்டுல விதை விழும். இதையும் அவர்கிட்ட சொல்லிட்டேன். சிரிச்சார், வேண்டாம்னு சொல்லல.