நமக்குள் எழுத்து எதற்கு?

"நமக்குள் எழுத்து எதற்கு?" எம்மவர் இதனைப் பெருந்தன்மை என எண்ணுகின்றனர். உண்மையில், பிரிவு வரும்போது கணக்குக் கேட்கமுடியாமல் செய்யும் தந்திரமாகவே இது பெரும்பாலும் முடிகிறது.

ஸ்காபரோவில் மூவர் சேர்ந்து ஒரு வீட்டை ஓராண்டுக்கு எடுக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். மாத வாடகை 2,400 டொலர், ஆளுக்கு 800. கடைசி மாத வாடகைக்கான முற்பணமாகவும் ஆளுக்கு 800 கட்டியாயிற்று. மூவரும் ஒரே குத்தகையில் ஒப்பமிட்டுள்ளனர். ஐந்தாம் மாதம் ஒருவருக்கு மொன்றியலில் வேலை கிடைக்கிறது. "என் 800 டொலரைத் தாருங்கள்" என்று கேட்டுவிட்டுப் புறப்படுகிறார்.

வீட்டுக்காரருக்கு மூவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள். ஆதலால் எஞ்சிய இருவரிடமும் அவர் முழு 2,400 டொலரையும் கேட்கலாம். முற்பணத்தையோ குத்தகை முடியும்வரை அவர் திருப்பித்தர வேண்டியதில்லை. ஒன்ராறியோவின் வீட்டுவாடகைத் தீர்ப்பாயம் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பாளருக்கும் இடையிலான வழக்கை விசாரிக்குமே தவிர, குடியிருப்பாளர்கள் தமக்குள் போடும் வழக்கை அன்று. அதற்குச் சிறுவழக்கு நீதிமன்றத்துக்கே செல்லவேண்டும். அங்கே முதற்கேள்வி, "நீங்கள் என்ன உடன்பட்டீர்கள்?" என்பதுதான். பெருந்தன்மை அதற்குச் சான்றாகாது.

குத்தகைக்கு வெளியே, மூவரும் ஒப்பமிட்ட ஒரு தாளே சான்று. அதன் உயிர்நாடி வெளியேறும் விதி. வெளியேறுபவர் 60 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்கவேண்டும். அந்நாள் முடியும்வரை, அல்லது புதியவர் குடிவரும்வரை, தம் 800 டொலரைச் செலுத்தவேண்டும். முற்பணப் பங்கை உள்ளே வருபவர் வெளியேறுபவரிடம் கொடுக்கவேண்டும். மின்கட்டணத்தை வெளியேறும் நாளன்று அளவியில் காணும் கணக்கின்படி பிரிக்கவேண்டும். கட்டணம் யார் பெயரில் வருகிறதோ அவரே கடனாளி என்பதை மற்றவர்கள் மறந்துவிடக்கூடாது.

விருந்தினரைக் குடியிருப்பாளர் வரவழைப்பதை வீட்டுக்காரர் தடுக்கமுடியாது. எனவே வாரத்தில் எத்தனை இரவு என்பதைத் தோழர்களே எழுதிக்கொள்ளவேண்டும். சமையலறை துப்புரவை எந்த நீதிமன்றமும் செய்விக்காது. தவறினால் துப்புரவாளர் கூலியை யார் தருவது என்று எழுதினால் போதும்.

இத்தாளுக்கு எல்லையும் உண்டு. அது வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. வெளியேறுபவரை விடுவித்ததாக வீட்டுக்காரர் எழுத்தில் தராதவரை, மொன்றியலில் இருந்தாலும் அவர் குத்தகைக்குப் பொறுப்பாளியே. குத்தகையில் ஒப்பமிட்ட தோழரைப் பூட்டை மாற்றி வெளியேற்றும் உரிமையையும் அது எவருக்கும் வழங்காது.

எழுத்து நட்பைக் கெடுக்கும் என்போர் ஒன்றைக் கவனிக்கட்டும்: வீட்டுக்காரரின் பல பக்கக் குத்தகையில் தயங்காமல் ஒப்பமிட்ட அதே கைதான், தோழருக்காக ஒரு பக்கம் எழுத மறுக்கிறது. அந்நியனுக்குக் கொடுத்த உறுதியை நண்பனுக்குக் கொடுக்க மறுப்பது எவ்வகை நட்பு?