கூரை விழக் காத்திருப்போர்

சென்னை ஜார்ஜ் டவுனிலே, திருவல்லிக்கேணியிலே, மயிலையிலே நூறாண்டு கண்ட வீடுகள் நிற்கின்றன. நிற்கின்றன என்று சொல்வதே சில வீடுகளுக்குப் பெருமை! கைப்பிடிச் சுவரிலே அரசங்கன்று, முற்றத்திலே முட்டுக்கொடுத்த மரம், அதற்குக் கீழே பாயை விரித்துப் படுத்திருக்கும் உழைப்பாளியின் பிள்ளைகள். மழை பெய்தால் உறக்கமில்லை. இந்த வீடுகளைக் கெடுத்தது யார்? குடியிருப்பவன் என்கிறார் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் என்கிறான் குடியிருப்பவன். நாம் இருவரையும் சற்று ஒதுங்கச் சொல்லிவிட்டு, சட்டத்தையும் பாகப்பத்திரத்தையும் கூண்டிலே ஏற்ற விரும்புகிறோம்.

முதலில் நோயைப் பார்ப்போம். இவ்வீடுகளின் தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, சிறு செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்திலே செங்குத்தாகச் சாய்வரிசை கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டோடு பதித்து முடிப்பார்கள். வெயிலுக்குக் குளுமை, உழைப்புக்கு உறுதி. இதற்கு எமன் ஒருவன்தான்: தண்ணீர். தளமும் கைப்பிடிச் சுவரும் சேருமிடத்தில் ஒரு விரிசல் போதும். நீர் சுவருக்குள் இறங்கி, சட்டத்தின் முனை சுவரிலே புதைந்திருக்கும் இடத்தைத் தொடுகிறது. அங்கே காற்றில்லை, காய்வதில்லை. மரம் நடுவிலே இரும்பாக இருக்கும், முனையிலே மாவாக இருக்கும். ஆகவே நடுச்சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத் 'திடமாக இருக்கிறது' என்று சொல்வோரை நம்பாதீர். சுவரை ஒட்டிய முனையிலே ஒரு திருப்புளியைக் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால், அந்த அறையிலே பிள்ளைகளைப் படுக்க வைக்கக் கூடாது.

விரிசலை முதலாண்டிலேயே அடைத்திருந்தால் கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. பத்தாண்டு கழித்து, தளத்தைப் பெயர்த்துச் சட்டம் மாற்றும் வேலை. அந்தப் பத்தாண்டுகள் யாரும் ஏன் மேலே ஏறவில்லை என்பதுதான் நம் கேள்வி.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், நகரத்தில் நெருக்கடி மிகுந்தபோது, குடக்கூலிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1946, 1949, 1960 எனச் சட்டங்கள் தொடர்ந்தன. வேண்டிய சட்டமே! அது இல்லாதிருந்தால், மூட்டை தூக்கியவனும் அச்சுக் கோத்தவனும் நகரத்தின் நடுவிலே குடியிருந்திருக்க முடியாது. ஆனால் 1960 சட்டத்தின் பழுதுபார்ப்புப் பிரிவைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தோன்றும். வீட்டுக்காரர் பழுது பார்க்காவிட்டால், குடியிருப்பவன் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் சென்று, தானே செய்துகொண்டு வாடகையில் கழிக்க ஆணை பெறலாம். எவ்வளவு கழிக்கலாம்? ஓராண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு!

கணக்குப் போடுவோம். நான்கு போர்ஷன் உள்ள ஒரு வீடு. போர்ஷனுக்கு 300 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1200. ஆண்டுக்குக் கழிக்கக்கூடியது அந்த ஒரு மாத வாடகை, 1200 ரூபாய். தளத்தைச் சீர்செய்ய ஒன்றரை லட்சம் ஆகுமென்றால், செலவு திரும்பிவர 125 ஆண்டுகள்! கொள்ளுப்பேரன் கணக்கை முடிப்பான், கூரை அதுவரை பொறுத்திருந்தால்.

இதைவிடக் கொடிது ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு. பழுது பார்ப்பதற்காகக் குடியிருப்பவனை வெளியேற்றினால், வேலை முடிந்ததும் அவனுக்கே வீட்டைத் திரும்பத் தரவேண்டும். இடித்துக் கட்டுவதற்காக வெளியேற்றினால் அந்தக் கடமை இல்லை! இடிக்கும் எண்ணம் உண்மையானதா என்று ஆராயும்போது, கட்டடத்தின் வயதும் நிலையும் எடைபோடப்படும் என்று உச்சநீதிமன்றம் 1996இல் கூறியது. பொருள் என்ன? பழுது பார்த்த வீட்டுக்காரருக்குப் பழைய வாடகை, பழுதாக விட்டவருக்குக் காலி மனை. செழிக்க வைத்தவனுக்குத் தண்டம், சிதைய வைத்தவனுக்குப் பரிசு! சட்டம் குடியிருப்பவனைக் காத்தது, அவன் தலைக்குமேல் இருந்த கூரையைக் காக்க மறந்தது.

இனி பாகம். வீட்டைக் கட்டியவர் ஒருவர். இன்று வாரிசுகள் ஐவர். ஒருவர் கோவையிலே, ஒருவர் துபாயிலே, இருவர் பேசிக்கொள்வதில்லை, ஒருவர் மட்டும் அதே தெருவிலே. மாதம் 1200ஐப் பிரித்தால் தலைக்கு 240. அதே தெருவிலிருப்பவர் மனம் இரங்கி ஒன்றரை லட்சம் செலவிட்டால், அதன் பயனில் அவருக்கு ஐந்தில் ஒரு பங்கு. மற்ற நால்வருக்கும் செலவில்லாத ஆதாயம். ஆகவே ஐவரும் காத்திருக்கிறார்கள். எதற்கு? மனை விலைக்கு.

வழியே இல்லையா? உண்டு. வாரிசு ஒருவர் அவசியமான பழுதுகளைத் தாமே பார்த்துவிட்டு, பாக வழக்கில் கணக்குத் தீரும்போது மற்றவர்கள் பங்கைக் கேட்கலாம். ரசீதும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படமும் இல்லாதவர் கேட்டுப் பயனில்லை. வழக்கு நீளுமானால், வாடகையை வாங்கிப் பராமரிப்புக்குச் செலவிட ரிசீவர் ஒருவரை அமர்த்தும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். இது பலர் மறந்த வழி. வீட்டை வெட்டிப் பங்கிட இயலாதபோது, 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி, பாதிப் பங்கோ அதற்கு மேலோ உடையவர்கள் விற்பனை கோரலாம். மற்றவர்கள் மதிப்பீட்டு விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்ள உரிமை உண்டு. ஐவர் ஒருவராவதற்கு அதுவே நேர்வழி. ஆண்டுகள் விழுங்கும் வழி என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

குடியிருப்போருக்கு? 1960 சட்டம் இன்று இல்லை. 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு வேண்டும். 'நாற்பது ஆண்டாக இருக்கிறேன், எனக்கெதற்குக் காகிதம்?' என்று இறுமாந்திருப்பவருக்கு ஆபத்து. வாடகை பற்றி உடன்பாடு ஏற்படவில்லை என்பதே இன்று வெளியேற்றத்துக்கு ஒரு காரணம். சந்தை வாடகை என்ற புயலிலே உழைப்பாளியைத் துணையின்றி நிறுத்தியது இச்சட்டம் என்ற குறை நமக்கு உண்டு. ஆனால் அதிலே ஒரு கருவியும் இருக்கிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் மறுத்தால் குடியிருப்பவன் செய்து, மாத வாடகையில் பாதிவரை கழிக்கலாம்.

அதே வீட்டுக்குப் போவோம். 300 ரூபாய் வாடகையில் பாதி 150. நால்வருக்கும் சேர்த்து மாதம் 600. ஒன்றரை லட்சம் அடைய ஏறத்தாழ 21 ஆண்டுகள். இதுவும் உதவாது! வாடகை 3000 என்று ஒப்புக்கொண்டால், நால்வரும் கழிப்பது மாதம் 6000, இருபத்தைந்து மாதத்தில் கணக்குத் தீரும். 3000 ஒரு தொழிலாளிக்குச் சுமைதான். ஆனால் அந்த இருபத்தைந்து மாதங்களில் பாதிப் பணம் வாரிசுகளின் பைக்குப் போகாமல் தளத்துக்குப் போகிறது. உயர்வைப் படிப்படியாக ஏற்றலாம், காலம் அதற்கேற்ப நீளும்.

ஆகவே நாம் சொல்வது இது. நான்கு போர்ஷனாரும் ஒன்றாகப் பேசட்டும். தனித்தனியே பேசினால் தனித்தனியே வெளியேற்றப்படுவீர்! வாரிசுகள் ஐவரும் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் தரவேண்டும் என்று முதலில் கேளுங்கள். யாருடன் ஒப்பந்தம் என்பதே தெளிவில்லாமல் கையெழுத்திடாதீர். வாடகை உயர்வை ஏற்பதற்கு விலையாக, எந்த வேலை, எந்த மாதத்துக்குள், எவ்வளவு தொகைக்கு என்று எழுதி வாங்குங்கள். வீட்டைக் காலிசெய்து பழுது பார்க்க வேண்டுமானால், திரும்பக் குடியேறும் உரிமையையும் எழுத்திலே பெறுங்கள். அபாயக் கட்டடம் என்று மாநகராட்சிக்கு முறையிடலாம், ஆனால் அது கடைசிக் கதவு. 'பழுது பார்' என்றும் அவர்கள் ஆணையிடலாம், 'இடி' என்றும் ஆணையிடலாம்.

ஆட்சியாளருக்கும் ஒன்று. இடித்துக் கட்டும் வீட்டிலே பழைய குடியிருப்பாளருக்கு இடம் தரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தட்டும். அன்றைக்குச் சிதைவிலே ஆதாயம் இராது. விரிசலை அடைக்கக் கொத்தனாரைத் தேடி வீட்டுக்காரரே வருவார்.