தோட்டம் கைமாறியது, பெயர் கைமாறவில்லை

2000ஆம் ஆண்டில் டாடா டீ நிறுவனம் பிரிட்டனின் டெட்லி நிறுவனத்தை 27.1 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. தேயிலைத் தோட்டங்கள் டாடாவிடம் ஏற்கெனவே ஏராளமாக இருந்தன. டெட்லியிடம் இருந்தது பல நாட்டுக் கடைகளில் அறிமுகமான ஒரு பெயர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2005இல், மூணாறில் இருந்த தன் தோட்டங்களில் பெரும்பாலானவற்றை டாடா டீ புதிய நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. அதன் பங்குகளில் பெரும்பகுதி ஊழியர்களிடமே இருக்கிறது. அதன் பெயர் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ். ஆனால், ‘கண்ணன் தேவன்’ என்று அச்சிட்ட தேயிலைப் பாக்கெட்டை விற்கும் உரிமையை டாடா விடவில்லை. அந்த மலையில் இலை பறிக்கும் நிறுவனம் தன் பாக்கெட்டை ‘ரிப்பிள்’ என்ற வேறு பெயரில் விற்கிறது.

தேயிலை வணிகத்தில் காசு எங்கே இருக்கிறது என்று டாடா கணக்குப் போட்டதை இந்த இரண்டு முடிவுகளும் காட்டிக்கொடுக்கின்றன. தோட்டம் இல்லாவிட்டால் ஏலத்தில் இலை வாங்கிக்கொள்ளலாம். குன்னூரிலும் கொச்சியிலும் அது வழக்கமாக நடப்பதுதான். மக்கள் மனத்தில் ஊன்றிய பெயரைத் தேயிலை ஏலத்தில் வாங்க முடியாது. சந்தையியல் பாடம் ‘பிராண்ட் ஈக்விட்டி’ என்று சொல்வது இதைத்தான்.

மாணவர்கள் இதையும் ‘பொசிஷனிங்’ என்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பொசிஷனிங் என்பது நிறுவனம் எடுக்கும் முடிவு: வாங்குபவரின் மனத்தில் எந்த இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற தேர்வு. ஈக்விட்டி என்பது விளைவு: அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருப்பதால் வாங்குபவர் வேறு மாதிரி நடந்துகொள்வது. கெவின் லேன் கெல்லர் 1993இல் தந்த விளக்கத்தின் சாரம் இதுவே. முதலாவதை மேலாளர் ஒரு கூட்டத்தில் தீர்மானித்துவிடலாம். இரண்டாவதைத் தீர்மானிப்பவர்கள் வாடிக்கையாளர்கள், அதற்கு ஆண்டுக்கணக்காகும்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு பாக்கெட்டுகளை எடுத்துக்கொள்வோம். இந்துஸ்தான் யூனிலீவரின் த்ரீ ரோசஸ், நிறம், சுவை, திடம் மூன்றும் சமமாகச் சேர்ந்தது என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. பால் ஊற்றி டீ போடும் வீட்டில் அன்றாடம் எதிர்பார்ப்பது அவற்றைத்தான். அதே நிறுவனத்தின் தாஜ்மகால், தபேலா மேதை ஜாகிர் உசேனைக் கோப்பையோடு உட்கார வைத்தது. கலைஞனின் பல்லாண்டு சாதகத்தையும் தேயிலையின் தேர்ச்சியையும் அந்த விளம்பரம் ஒரே வரிசையில் வைத்தது. இரண்டும் தேயிலைதான், ஆனால், பிடிக்கப் பார்க்கும் இடங்கள் வேறு வேறு.

தேர்வுத்தாளில் ‘தரமான, சுவையான, நியாயமான விலைத் தேயிலை’ என்று எழுதினால் அது பொசிஷனிங் ஆகாது. சோதிக்க எளிய வழி உண்டு. அந்த வாக்கியத்தில் போட்டியாளரின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் நீங்கள் எந்த இடத்தையும் பிடிக்கவில்லை.

ஈக்விட்டியை அளப்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. 250 கிராம் பெயரில்லாத தேயிலை 100 ரூபாய். நம் பாக்கெட் 130 ரூபாய். இந்த 30 ரூபாயும் பெயருக்குக் கிடைப்பது என்று எழுதுவது தவறு. பெயரை மறைத்து இரண்டு டீயையும் குடிக்கக் கொடுங்கள். சுவைக்காக மட்டும் மக்கள் 10 ரூபாய் கூடுதலாகத் தர முன்வந்தால், அது இலைக்கும் கலவைக்கும் உரியது. பாக்கெட்டைக் காட்டிய பிறகு அதே மக்கள் 30 ரூபாய் தர முன்வந்தால், மீதி 20 ரூபாய்தான் பெயர் சம்பாதித்தது. இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு: ஒரு மடக்குக் குடித்துச் சொல்லும் விலையும், மாதாமாதம் மளிகைக் கடையில் எடுத்துக் கொடுக்கும் பணமும் ஒன்றாக இருப்பதில்லை.

இங்கேதான் பல நிறுவனங்கள் ஏமாறுகின்றன. பாக்கெட்டோடு டம்ளர் இலவசம் என்றால் விற்பனை ஏறும். அதை ஈக்விட்டி என்று கொண்டாடுவார்கள். சலுகை முடிந்த மாதத்தில் விற்பனை பழைய அளவுக்கே இறங்கினால் டம்ளர்தான் விற்றது, பெயர் விற்கவில்லை. மாறாக, கேட்ட பாக்கெட் இல்லையென்றதும் வாடிக்கையாளர் வேறு எதையும் வாங்காமல் அடுத்த கடைக்குப் போனால் பெயருக்கு வலு உண்டு.

அந்த வலுவைக் காப்பாற்றுவது விளம்பரம் மட்டுமல்ல. பருவத்துக்குப் பருவம், தோட்டத்துக்குத் தோட்டம் இலை மாறும். பல தோட்டத்துச் சரக்கைக் கலந்து, கோப்பையில் நேற்றைய சுவையையே இன்றும் வரவைப்பவர்கள் சுவைநரும் கலவையாளரும்தான். ஏலத்தில் விலை ஏறும்போது மட்டமான இலையைக் கூட்டிச் செலவைக் குறைத்தால் அந்தக் காலாண்டில் லாபம் தெரியும். வாங்குபவர் முதல் பாக்கெட்டில் சந்தேகப்படுவார். மூன்றாவதில் சொல்லாமல் மாறிவிடுவார். கணக்குப் புத்தகத்தில் அது தெரிய வரும்போது அந்தக் குடும்பம் வேறு தேயிலைக்குப் பழகியிருக்கும்.

ஆகவே, சந்தையியல் மாணவர்கள் தேயிலைப் பாக்கெட்டை ஆராயும்போது மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்க வேண்டும்: நிறுவனம் எந்த இடத்தைத் தேர்ந்தது? கோப்பையில் உள்ள டீ அந்த வாக்கைக் காப்பாற்றுகிறதா? பெயரை மறைத்தால் விலை எவ்வளவு இறங்குகிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத ஆய்வறிக்கை, விளம்பரத்தைப் பற்றிய அறிக்கையாகவே நின்றுவிடும்.